அப்பாவை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம்: முற்றிய புற்றுநோயின் கடைசி வாரங்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய், இடுப்பெலும்புக்கும் பரவியிருந்தது. இனி கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் முப்பத்தெட்டு நாள் இருந்தார். அந்த முப்பத்தெட்டு நாளில் நாங்கள் செய்த தவறுகளில் பாதிக்கு மேல், ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற பதற்றத்தில் கூடுதலாகச் செய்தவைதான். மீதி, முன்கூட்டியே ஒரு காகிதமோ ஒரு ஊசியோ வாங்கி வைத்திருந்தால் வந்தே இருக்காது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால் கீழே இருப்பதை இந்த வரிசையிலேயே படியுங்கள். மருந்தின் அளவு பற்றி எழுதியிருப்பது அப்பாவுக்குக் கொடுத்தது. உங்கள் நோயாளிக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும்.

1. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே வாங்கவேண்டியவை

நாங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். போதாது. பயாப்சி ரிப்போர்ட்டின் நகலும், கடைசியாக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டின் நகலும் கையில் இருக்கவேண்டும். இவற்றைவிட முக்கியமானது இன்னொரு தாள். நோய் முற்றிய நிலை, இனி வலியும் மூச்சுத்திணறலும் தணிப்பதற்கான சிகிச்சை மட்டும், வென்டிலேட்டர் வேண்டாம் என்று குடும்பத்தோடு பேசி முடிவெடுத்தது என டாக்டரே லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். நோயாளி தெளிவாக இருக்கும்போதே அவரிடமும் கேட்டுவிடுங்கள். அப்பாவிடம் கேட்கவே எங்களுக்கு ஒரு வாரம் தைரியம் வரவில்லை. கேட்டதும் அவர், "குழாய் எதுவும் வேண்டாம்பா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நடுராத்திரியில் பயந்துபோய் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், இந்தத் தாள் இல்லாவிட்டால் அங்கே பணியில் இருக்கும் இளம் டாக்டருக்கு நோயாளியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நேராக ஐசியூவுக்குத்தான் அனுப்புவார். அவர்மேல் தப்பும் இல்லை.

அன்றைக்கே இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, "இந்த மாத்திரைகளில் எதையெல்லாம் நிறுத்தலாம்?" அப்பா ஒரு நாளைக்கு பதினொரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். கொழுப்புக்கு, சத்துக்கு, எலும்புக்கு என்று. கேட்டபிறகு நான்காகக் குறைந்தது. இரண்டு, "வீட்டில் இறந்தால் சான்று தர யார் வருவார்கள்?" இதைக் கேட்க வாய் வராது. ஆனாலும் கேளுங்கள், காரணம் கடைசியில் இருக்கிறது.

அப்புறம், தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரண சிகிச்சைக்குப் பெயர் கொடுங்கள். 2021 முதல் நடக்கிற திட்டம். இதற்கென இருக்கும் நர்ஸ் வீட்டுக்கே வந்து பார்ப்பார், காசு கிடையாது. படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப்போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது எல்லாம் அவர்களே செய்வார்கள். நாங்கள் பெயர் கொடுத்ததே மூன்றாவது வாரத்தில்தான். அதற்குள் முதுகுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. காற்று மெத்தை வாங்கப்போகிறீர்கள் என்றால் புண் வருமுன் வாங்குங்கள், எங்களுக்கு 2,800 ரூபாய் ஆனது.

2. மார்ஃபின் கிடைக்கும் இடம், கொடுக்கும் விதம்

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபினைப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளிலும் வலி நிவாரண மையங்களிலும்தான் பெரும்பாலும் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி நகல், நோயாளியின் ஆதார், வாங்கப்போகிறவரின் ஆதார், நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். எங்களுக்கு இரண்டு வாரத்துக்கான மாத்திரை தந்தார்கள். நாலு நாள் மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்த தடவைக்குக் கிளம்பிவிடவேண்டும், ஏனென்றால் நடுவில் ஞாயிறும் பண்டிகை லீவும் வந்து நிற்கும். எங்களுக்கு அப்படி ஒரு பொங்கல் வந்தது.

இதில் பெரிய இடறல், வலி வந்தால் மட்டும் கொடுக்கலாம் என்று நினைப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். அதனால் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்கவேண்டும், முகத்தைப் பார்த்து அல்ல. அப்பாவுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று ஒவ்வொன்று, இரவு 10 மணிக்கு மட்டும் இரண்டு. அந்த இரண்டு எதற்கென்றால், நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பவேண்டியதில்லை. ஆக ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம். நடுவில் வலி பீறிட்டால் இன்னொரு 10 மில்லிகிராம் கொடுக்கலாம், கொடுத்ததை நோட்டில் எழுதிவையுங்கள் என்றார் டாக்டர். அந்த நோட்டுதான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டு நாள் தொடர்ந்து மூன்று மூன்று தடவை கூடுதல் மாத்திரை கொடுத்திருந்தோம். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு வேளை அளவையும் 15 ஆக உயர்த்தினார்.

மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கவேண்டும். மலச்சிக்கல் வரலாம், வராமலும் போகலாம் என்று காத்திருக்காதீர்கள், வந்தே தீரும். ஐந்து நாள் வெளிக்குப் போகாமல் வயிறு கல்லாகிப்போய் அப்பா பட்ட பாடு, இடுப்பு வலியைவிட மோசம். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் எழுப்பியும் எழாத அளவுக்கு மயக்கம், மூச்சு மிகமிக மெதுவாகிவிடுவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, இல்லாத ஆட்களோடு பேசுவது, இவற்றில் ஏதாவது வந்தால் அடுத்த வேளை கொடுக்குமுன் டாக்டருக்கோ நர்ஸுக்கோ போன் செய்யுங்கள். சிறுநீர் குறையும்போது மருந்து உடம்பில் தங்கிவிடும், அளவை மாற்றவேண்டியிருக்கும்.

மார்ஃபின் என்றாலே கதை முடிந்தது என்று பேசுகிற உறவினர் ஒருவராவது வருவார். எங்களுக்கு இரண்டு பேர். சரியான அளவில் கொடுக்கிற மார்ஃபின் ஆளைக் கொல்லாது. அப்பா அதைச் சாப்பிட்டபிறகுதான் மூன்று மாதத்தில் முதல் தடவையாக உட்கார்ந்து பேப்பர் படித்தார். மூச்சுத்திணறலுக்கும் அதே மருந்துதான், குறைந்த அளவில். அதோடு தலையணை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்து டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பிவையுங்கள். முகத்தில் காற்று படும்போது திணறும் உணர்வு குறையும். ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஓடுமுன் இதைச் செய்துபாருங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையாதவருக்குச் சிலிண்டரால் பெரிய லாபம் இல்லை.

3. சாப்பாடு குறையும் வாரங்கள்

முதலில் தெரியும் மாற்றம் தூக்கம்தான். பகலிலும் தூங்குவார். பாத்ரூம் போனவர் கட்டில் ஓரம் வரை, பிறகு கட்டிலோடு என்று ஆகும். பேச்சு குறையும், பார்க்க வருபவர்களில் ஆர்வம் போகும். இரண்டு இட்லி ஒன்றாகும், ஒன்று அரையாகும், பிறகு நாலு ஸ்பூன் கஞ்சி. மாதக்கணக்கில் நடந்துகொண்டிருந்த மாற்றம் வாரத்துக்கு வாரம் தெரிந்தால் வாரங்கள் இருக்கின்றன என்றும், நாளுக்கு நாள் தெரிந்தால் நாட்கள்தான் என்றும் எங்கள் நர்ஸ் சிஸ்டர் சொன்னார். நான் கேட்டதிலேயே உபயோகமான கணக்கு அதுதான்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் சண்டை வரும். எங்கள் அத்தை வந்த அன்றே, "பட்டினி போட்டே கொன்னுடுவீங்க போலிருக்கே, ஒரு குளுக்கோஸ் பாட்டிலாவது ஏத்தக்கூடாதா?" என்று கேட்டார். அந்த வார்த்தை தாங்காமல் தெருமுனையில் இருந்து ஒருவரைக் கூட்டிவந்து ஏற்றினோம். இரண்டு நாளில் கால் வீங்கியது, நெஞ்சில் சளி கொரகொரவென்றது, மூச்சு இன்னும் மோசமானது. உடம்பு ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வரும்போது உள்ளே ஏற்றுகிற தண்ணீர் போக இடமில்லாமல் காலிலும் நுரையீரலிலும்தான் தேங்கும். சாப்பிடாததால் அவர் சாகவில்லை, சாவு நெருங்குவதால்தான் சாப்பாடு இறங்கவில்லை. இதை அத்தையிடம் நாங்கள் சொன்னபோது எடுபடவில்லை. சிஸ்டர் சொன்னதும் கேட்டுக்கொண்டார். அதனால் நர்ஸ் வரும் நாளில் அப்படிப்பட்டவர்களையும் வரச்சொல்லிவிடுங்கள்.

கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். படுத்தபடி எதையும் கொடுக்காதீர்கள். சாய்த்து உட்காரவைத்து, அரை ஸ்பூன், விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த அரை ஸ்பூன். இருமல் வந்தால் அதோடு நிறுத்துங்கள். அப்பா கடைசியாக ஆசைப்பட்டது நன்னாரி சர்பத். அதை ஃப்ரிட்ஜில் சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவைத்து ஒரு துணுக்கு நாக்கில் வைப்போம். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

இன்னொரு சின்ன விஷயம். விரல் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

4. விழுங்க முடியாத நாளுக்கு முன்பே தயாராகுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். ஒரு நாள் மாத்திரையை வாயில் வைத்தால் அப்படியே தங்கிநிற்கும். தண்ணீர் ஓரமாக வழியும். எங்களுக்கு அது ஒரு சனிக்கிழமை மாலை. அடுத்த பதினெட்டு மணி நேரம் மார்ஃபின் இல்லாமல் அவர் முனகியது இன்னும் காதில் இருக்கிறது. வலி நின்றுவிடவில்லை, மருந்து போகும் வழிதான் அடைத்துவிட்டது.

ஆகவே அவர் நன்றாக விழுங்கும்போதே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்: வாய்வழி முடியாமல் போனால் எப்படிக் கொடுப்பது? எங்களுக்கு ஞாயிறு மதியம் சிஸ்டர் வந்து, மேல்கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன பட்டர்ஃபிளை ஊசியை வைத்து பிளாஸ்திரி ஒட்டினார். அதன் குழாய் வழியாக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்தை மெதுவாகச் செலுத்தவேண்டும், ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குத்தவேண்டியதில்லை. நரம்பு தேடவும் வேண்டியதில்லை. என் தங்கை இரண்டு தடவை பார்த்துவிட்டு மூன்றாவது தடவை தானே செய்தாள். தோலுக்கடியில் போடும்போது வாய்வழி அளவில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் தேவைப்படும். அப்பாவுக்கு 15 மில்லிகிராம் மாத்திரைக்குப் பதில் 5 மில்லிகிராம் ஊசி. இதை டாக்டர் கணக்குப் போட்டு எழுதித் தரவேண்டும், நீங்களாகப் போடக்கூடாது. ஊசி வைத்த இடம் சிவந்தாலோ வீங்கினாலோ இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

ஊசி கிடைக்கும்வரை மாத்திரையைப் பொடித்து இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீரில் குழைத்து கன்னத்தின் உள்பக்கம் தடவலாமா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லா மாத்திரையையும் பொடிக்கக்கூடாது. பன்னிரண்டு மணி நேரம் வேலைசெய்கிற வகை என்றால் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நல்ல மருந்துதான், ஆனால் ஒட்டி அரை நாளுக்கு மேல் ஆனபிறகுதான் வேலை தெரியும். வலியில் துடிப்பவருக்கு அந்த நேரத்தில் ஒட்டிவிட்டு, கேட்கவில்லையே என்று இன்னொன்று ஒட்டுவது ஆபத்து. அதன்மேல் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கக்கூடாது.

டாக்டரிடம் எழுதி வாங்கி வீட்டில் வைக்கவேண்டிய மற்றவை: பதற்றத்துக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று, தொண்டையில் சளி கொரகொரப்புக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் பாராசிட்டமால். ஞாயிற்றுக்கிழமை இரவு இவற்றைத் தேடிப் பாருங்கள், நான் ஏன் சொல்கிறேன் என்று தெரியும்.

5. நாட்கள், மணி நேரங்கள்

சிறுநீர் குறைந்து கட்டங்காப்பி நிறத்தில் வரும். கண் முழுசாக மூடாது, தூங்கும்போதும் வெள்ளை தெரியும். பாதமும் கையும் சில்லிடும், ஆனால் உடம்பு சுடும். முழங்காலிலும் பாதத்திலும் திட்டுத்திட்டாக நீலம் பாயும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது சட்டென்று தெரியாது, நகத்தையும் உதட்டையும் பாருங்கள், முழங்காலைத் தொட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் நாடி கிடைக்காமல் போகும்.

மூச்சின் போக்கு மாறும். வேகமாக நாலைந்து, பிறகு ஆழமாக, பிறகு மெதுவாகி, அப்புறம் நின்றே போகும். நான் ஒரு தடவை முப்பத்திரண்டு வரை எண்ணினேன், போய்விட்டார் என்று அம்மாவைக் கூப்பிட்டேன், மூச்சு மறுபடி வந்தது. ராத்திரி முழுக்க இப்படி. இன்னும் நெருங்கும்போது மூச்சோடு தாடை மட்டும் மேலும் கீழும் அசையும். அது வந்துவிட்டால் வெளியூரில் இருப்பவர்களை வரச்சொல்லக் காத்திருக்காதீர்கள். நேரம் அநேகமாக மணிக்கணக்கில்தான். யாருக்கும் சரியான மணி சொல்ல முடியாது, சிலர் இதைத் தாண்டியும் ஒரு நாள் இருப்பார்கள். சிலர் ஒரு நாள் முன்னால் திடீரென்று தெளிவாகி எழுந்து காபி கேட்பார்கள். அணையப்போகிற விளக்கு என்று நம் ஊரில் சொல்வதுதான். அதை நம்பி மருந்தை நிறுத்தவோ கீமோவுக்கு மறுபடி ஓடவோ வேண்டாம், காபியைக் கொடுத்துப் பேசிக்கொண்டிருங்கள்.

தொண்டையில் கொரகொரவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் அது கொடூரம். அந்த மயக்கத்தில் அவருக்கு அநேகமாகத் தெரியாது. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள், பாதிச் சத்தம் அப்போதே குறையும். முன்பு சொன்ன மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பலன், ஏற்கெனவே தேங்கியதை அது வற்றவைக்காது. குழாய் விட்டு உறிஞ்சுவது அவரை வருத்துவதுதான் மிச்சம்.

திடீரென்று துணியைப் பிடுங்கினால், எழுந்து போகவேண்டும் என்று புரண்டால், முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். அப்பாவுக்குக் கல்போல் இருந்தது, சிறுநீர் கட்டியிருக்கிறது. குழாய் போட்ட பத்தாவது நிமிடம் அமைதியாகிவிட்டார். அதற்குள் பேயோட்ட ஆள் கூப்பிடலாமா என்றுகூட ஒருவர் யோசனை சொல்லியாயிற்று! சிறுநீரும் மலமும் வலியும் காரணமில்லை என்றால்தான் பதற்றத்துக்கான மருந்து.

வாய் காய்ந்துபோகும். சுத்தமான காஸ் துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து ஒரு மணிக்கு ஒரு தடவை நாக்கையும் ஈறையும் துடைத்துவிட்டு, உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கடைசி நாட்களில் நீங்கள் செய்யும் பெரிய உபகாரம் இதுதான்.

இங்கேதான் பால் ஊற்றும் வழக்கம் வருகிறது. உறவு முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஸ்பூனில் பாலோ கங்கை நீரோ ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவருக்கு அது நேராக மூச்சுக்குழாய்க்குத்தான் போகும். வேண்டாம் என்று தடுத்தால் மனஸ்தாபம். நாங்கள் பாலில் ஒரு துளசி இலையை நனைத்து உதட்டில் ஒற்றி எடுக்கச் சொன்னோம். எல்லோரும் செய்தார்கள், யாருக்கும் வருத்தமில்லை. ஸ்பூனை மட்டும் அந்த அறையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

6. மூச்சு நின்றபின்

அப்பா போனது விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு. 108-க்கு போன் செய்யவேண்டியதில்லை, அது உயிருள்ளவருக்கான வண்டி. நோயில் வீட்டில் இறந்ததற்குப் போலீஸும் தேவையில்லை. நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கண்ணை மூடிவிடுங்கள், தாடையைக் கட்டுங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள்.

வீட்டில் இறந்தவருக்கு இறப்பின் காரணத்தை டாக்டர் எழுதித்தரும் சான்று படிவம் 4ஏ. இடுகாட்டிலும் தகன மேடையிலும் டாக்டர் சான்று கேட்பார்கள். நாங்கள் முதலில் கூப்பிட்ட பக்கத்துத் தெரு டாக்டர், நோயாளியைப் பார்த்ததே இல்லை, எழுத முடியாது என்றார். அது அவருடைய நியாயம். கடைசியில் அப்பாவை இரண்டு வாரத்துக்கு முன் வீட்டில் பார்த்த டாக்டர் வர மதியம் ஆகிவிட்டது, அதுவரை தகன மேடையில் நேரம் வாங்க முடியவில்லை, ஐஸ் பெட்டிக்கு ஒரு நாள் வாடகை 3,500 ரூபாய். இதற்காகத்தான் ஆரம்பத்திலேயே கேட்டு வைக்கச் சொன்னேன். மாதம் ஒரு தடவையாவது அவரை ஒரு உள்ளூர் டாக்டர் நேரில் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் டாக்டரிடமும் தகன மேடையிலும் சொல்லிவிடுங்கள், எரியூட்டுமுன் அதை எடுத்தாகவேண்டும், சூட்டில் வெடிக்கும்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம், நகராட்சி மாநகராட்சி என்றால் சுகாதார அலுவலகத்தில். படிவம் 4ஏ, இறந்தவரின் ஆதார், தகவல் தருபவரின் ஆதார், மயான ரசீது ஆகியவற்றை எடுத்துப்போங்கள். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி என்று நீளும். பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று பதிவேட்டில் ஏறுமுன் பாருங்கள். எங்களுக்கு இனிஷியல் மாறிப்போய், வங்கியில் பணம் எடுக்க ஒரு மாதம் அலைந்தோம். பதிவானபின் சான்றிதழை crstn.org தளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

மீந்த மார்ஃபினை வீட்டில் வைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் கூடாது, வாங்கிய மையத்திலேயே எண்ணித் திருப்பிக்கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்களிடம் இருபத்திரண்டு மாத்திரை மீந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நானும் தங்கையும் அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். காற்று மெத்தையை அடுத்த வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி சிஸ்டரிடம் விட்டுவந்தோம்.